பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம்: பெற்றோருக்கான இலவச வெபினார், பதிவு, ரெக்கார்டிங்

“சார், வரும் ஞாயிறு பெற்றோருக்கான இலவச வெபினார்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. எப்படிப் பதிவு பண்ணணும்? ஞாயிறு எங்க வீட்டுக்காரருக்குக் கடை, எனக்குத் தையல் வேலை இருக்கும். வர முடியலன்னா ரெக்கார்டிங் கிடைக்குமா? பொண்ணு திண்டுக்கல்ல அரசுப் பள்ளி, கணக்கு – கம்ப்யூட்டர் குரூப். இன்ஜினியரிங்கா, பி.எஸ்சி.யான்னே முடிவாகல. இலவசம்னு கூப்பிட்டு அப்புறம் பணம் கேட்பாங்களோன்னும் பயமா இருக்கு.”

அம்மா, முதலில் பதிவு. உங்களுக்கு வந்த அழைப்பிலேயே படிவத்தின் இணைப்பு இருக்கிறது. அதைத் தொட்டால் ஐந்து கேள்விகள் வரும்: உங்கள் பெயர், மாவட்டம், பிள்ளையின் குரூப், பள்ளி அரசா, உதவி பெறுவதா, தனியாரா, மின்னஞ்சல் முகவரி. கடைசியில் ஒரு பெரிய பெட்டி இருக்கும். கேட்க வேண்டிய கேள்வியை அதில் இப்போதே எழுதிவிடலாம், தமிழிலேயே எழுதுங்கள். நிகழ்ச்சியன்று கை தூக்கிக் கேட்க எல்லோருக்கும் நேரம் கிடைக்காது. முன்கூட்டி எழுதி வைத்தவர்களின் கேள்விகளைத்தான் முதலில் எடுப்போம்.

அனுப்பியவுடன் அந்த மின்னஞ்சலுக்கு ஜூம் இணைப்பு வரும். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். பலர் முகவரியில் ஒரு எழுத்தைத் தவறாகப் போட்டுவிடுகிறார்கள், gmail.com என்பது gmail.con ஆகிவிடுகிறது. அரை மணி நேரத்தில் மெயில் வரவில்லை என்றால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். அங்கேயும் இல்லை என்றால் முகவரி தப்பு, மறுபடி பதிவு செய்துவிடுங்கள். இரண்டு முறை பதிவானால் ஒன்றும் கெட்டுப்போகாது. உங்களிடம் மின்னஞ்சல் இல்லை என்றால் பொண்ணுடையதைக் கொடுங்கள், கவுன்சிலிங்குக்கு எப்படியும் அவளுக்கு ஒன்று தேவைப்படும்.

இன்னொன்று, அந்த இணைப்பு உங்கள் பெயருக்கு மட்டும் வருவது. பக்கத்து வீட்டுக்கு அதை ஃபார்வர்ட் செய்தால் அவர்கள் உள்ளே நுழையும்போது நீங்கள் வெளியே தள்ளப்படுவீர்கள். அவர்களுக்கு அழைப்பை அனுப்புங்கள், தனியாகப் பதிவு செய்யட்டும். எங்கள் ஜூம் கணக்கில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் இருக்க முடியும். அது நிரம்பிவிட்டால், அதே மெயிலில் கீழே இருக்கும் யூடியூப் நேரலை இணைப்பில் பார்க்கலாம். காலை 10.30-க்குத் தொடக்கம், ஒன்றரை மணி நேரம்.

ரெக்கார்டிங் கிடைக்கும். செவ்வாய் மாலைக்குள் பதிவு செய்த எல்லோருக்கும், வந்தவர், வராதவர் என்று பார்க்காமல், யூடியூப் இணைப்பு மெயிலில் வரும். தேடினால் கிடைக்காத மாதிரி வைத்திருப்போம், இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம். வீடியோவுக்கு டேட்டா பற்றாதவர்களுக்காக வெறும் ஒலியாக ஒரு கோப்பும் தருகிறோம். ஒரு மணி நேரத்துக்கு 15 எம்பி அளவில்தான் இருக்கும், தைத்துக்கொண்டே கேட்கலாம். ஆனால் கடைசி அரை மணி நேரக் கேள்வி பதில் ரெக்கார்டிங்கில் இருக்காது. பெற்றோர் அங்கே பிள்ளையின் மார்க், சாதிச் சான்றிதழ், வீட்டு வருமானம் எல்லாவற்றையும் மனம்விட்டுச் சொல்கிறார்கள், அதைச் சுற்றில் விடுவது சரியில்லை. அதனால்தான் உங்கள் கேள்வியை முன்பே எழுதச் சொல்கிறேன். எழுத்தில் வந்த கேள்விகளுக்குப் பெயர் சொல்லாமல் முதல் பகுதியிலேயே பதில் சொல்லிவிடுவோம், அது ரெக்கார்டிங்கில் வரும். அந்த வருடக் கவுன்சிலிங் முடிந்ததும் வீடியோவை எடுத்துவிடுவோம். தேதியும் சில விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. போன வருட வீடியோவைப் பார்த்துவிட்டு இந்த வருடம் தடுமாறியவர்கள் உண்டு.

பணம் பற்றிய பயம் நியாயமானதுதான். ‘இலவச வெபினார்’ என்ற பெயரில் நடப்பவற்றில் ஒரு பகுதி தனியார் சேர்க்கை ஏஜென்டுகள் நடத்துவது. எப்படிக் கண்டுபிடிப்பது? பதிவுப் படிவத்தைப் பாருங்கள். பிளஸ் டூ தேர்வு எண், பிறந்த தேதி, ஆதார் எண் எல்லாம் எதற்கு? ஒரு பேச்சைக் கேட்க அவை தேவையே இல்லை. தேர்வு எண்ணும் பிறந்த தேதியும் கிடைத்தால் ரிசல்ட் வந்த நிமிடமே உங்கள் பொண்ணின் மார்க் அவர்கள் கையில். அன்று மதியமே போன் வரும்: “மேடம், இந்த மார்க்குக்குக் கவுன்சிலிங்கில் நல்ல காலேஜ் கிடைக்காது, மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஒரு சீட் பிடித்து வைத்திருக்கிறோம், இன்றைக்குள் அட்வான்ஸ் கட்டுங்கள்.” இதைவிட மோசமானது, கவுன்சிலிங் லாகின், பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு “நாங்களே லிஸ்ட் போட்டுத் தருகிறோம்” என்பது. அந்த லிஸ்டில் அவர்களுக்குக் கமிஷன் தரும் கல்லூரிகள் மேலே இருக்கும். பாஸ்வேர்டும் ஓடிபியும் யார் கேட்டாலும், நாங்கள் கேட்டாலும், தராதீர்கள்.

இனி இன்ஜினியரிங்கா, பி.எஸ்சி.யா என்பதற்கு வருகிறேன். இதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம், இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் இவை இரண்டும் வேறு வேறு வாசல்கள். இன்ஜினியரிங் கவுன்சிலிங் tneaonline.org தளத்தில், அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான சேர்க்கை tngasa.in தளத்தில். கணக்கிடும் முறையும் வேறு. பி.எஸ்சி.க்கு மொழிப் பாடங்களைத் தவிர்த்து மற்ற நான்கு பாடங்களையும் கூட்டி 400-க்குப் பார்ப்பார்கள். இன்ஜினியரிங்குக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்று மட்டும், மொத்தம் 200. கணக்கு அப்படியே 100, மற்ற இரண்டும் பாதியாக்கப்பட்டு ஐம்பது ஐம்பது. பொண்ணு கணக்கில் 88, இயற்பியலில் 82, வேதியியலில் 90 எடுத்தால் 88 + 41 + 45 = 174. இந்தக் கூட்டலைத்தான் கட்-ஆஃப் என்கிறார்கள். கணக்கில் கூடும் ஒரு மார்க், இயற்பியலில் கூடும் இரண்டு மார்க்குக்குச் சமம் என்பதும் இதிலேயே தெரிகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸில் எடுக்கும் மார்க் இந்த 200-இல் சேராது, ஆனால் பி.எஸ்சி. 400-இல் சேரும். அதனால் ஒரே பிள்ளை ஒரு வரிசையில் முன்னாலும் மற்றதில் பின்னாலும் இருக்கலாம்.

அரசுக் கலைக் கல்லூரியில் முதலில் இடம் வந்துவிட்டால் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். கட்டணம் மிகக் குறைவு, அப்புறம் இன்ஜினியரிங் கிடைத்தாலும் பெரிய இழப்பில்லை. சேரும் முன் மாற்றுச் சான்றிதழ், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் நல்ல தெளிவாக ஸ்கேன் செய்து, ஐந்தாறு நகலும் எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ் ஒரு கல்லூரியில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கல்லூரியில் சேரக் கடைசி நாள் நெருங்கி, அலைந்தவர்களை ஒவ்வொரு ஜூலையிலும் பார்க்கிறேன்.

வெபினாரின் பெரும்பகுதி, முக்கால் மணி நேரம், எந்தப் படிப்புக்கு எதிர்காலம் என்பதைப் பற்றி இருக்காது. எந்தப் பிரிவுக்கு வேலை கிடைக்கும் என்று நான்கு வருடம் முன்கூட்டிச் சொல்கிறவரை நான் நம்புவதில்லை. நாங்கள் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கல்லூரி வரிசையை எப்படிப் போடுவது. பெற்றோரைக் கூப்பிடுவதற்குக் காரணமும் அதுதான். வரிசையைப் பிள்ளைகள் செல்போனில் போட்டுவிடுகிறார்கள். ஹாஸ்டலுக்கு அனுப்புவோமா, தினமும் எவ்வளவு தூரம் பஸ்ஸில் போகலாம், எவ்வளவு கட்ட முடியும் என்பதெல்லாம் பெற்றோர் மனதில் இருக்கிறது. இரண்டும் சந்திப்பது இடம் ஒதுக்கப்பட்ட பிறகு. அப்போது கையில் இருப்பது இரண்டு நாள்.

கவுன்சிலிங் தரவரிசைப்படி சுற்றுச் சுற்றாக நடக்கும். கட்-ஆஃப் அதிகம் உள்ளவர்கள் முதல் சுற்றில். உங்கள் சுற்று வந்ததும் கல்லூரி, பாடப்பிரிவு என்று எத்தனை வேண்டுமானாலும் வரிசையாகக் கொடுக்கலாம். கணினி உங்கள் பொண்ணின் முறை வரும்போது வரிசையை மேலிருந்து கீழே படிக்கும். முதலாவது காலியாக இருக்கிறதா? இல்லை. இரண்டாவது? இப்படிப் போய், முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பவற்றைப் பார்க்கவே பார்க்காது. எட்டாத கல்லூரியை மேலே போட்டால் கீழே இருப்பதும் போய்விடும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். போகாது. உங்களைவிடக் கட்-ஆஃப் குறைந்தவருக்கு உங்கள் முறை முடிந்த பிறகுதான் வாய்ப்பு வருகிறது, அதனால் மேலே ஆசைப்பட்டதற்கு எந்தத் தண்டனையும் இல்லை. உண்மையான ஆபத்து தலைகீழானது. “இது நிச்சயம் கிடைக்கும்” என்று சுமாரான கல்லூரியை மேலே போட்டுவிட்டால் அது நிச்சயம் கிடைத்துவிடும், அதோடு முடிந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் சொல்லும் கட்-ஆஃப்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் பொண்ணு 174, பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். அவள் போட்ட வரிசை இது: கோவையில் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ், அதே வகுப்பில் போன வருடம் கடைசி இடம் 178-இல் முடிந்தது. அடுத்தது மதுரையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், 176. மூன்றாவது திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், 171. நான்காவது அதே கல்லூரியில் ஐ.டி., 166. இந்த வருடமும் அதே போக்கு என்றால் அவளுக்கு மூன்றாவது ஒதுக்கப்படும். இது தற்காலிக ஒதுக்கீடு.

இப்போது திரையில் சில தேர்வுகள் வரும். பெரும்பாலானவர்களுக்கு வேண்டியவை இரண்டுதான். ஒன்று, ஏற்றுக்கொண்டு அந்தக் கல்லூரியிலேயே சேர்வது. இன்னொன்று, ஏற்றுக்கொண்டு மேலே நகரக் காத்திருப்பது. இரண்டாவதைத் தேர்ந்தால் திண்டுக்கல் இடம் உங்களுக்குப் பத்திரமாக இருக்கும். யாராவது விலகியதால் கோவையோ மதுரையோ காலியானால் அங்கே நகர்த்துவார்கள். வரிசையில் கீழே இருக்கும் நான்காவதுக்கு இறக்குவது நடக்காது. எதையுமே தேர்வு செய்யாமல் விட்டால் இடம் போய்விடும், இதுதான் வருடா வருடம் கண்ணீரில் முடிவது. ‘கல்லூரி கிடைத்துவிட்டது’ என்று சந்தோஷத்தில் கோயிலுக்குப் போய்விட்டு, உறுதி செய்யும் கடைசி மணியைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே நகரக் காத்திருப்பவர்களும் குறித்த நாளுக்குள் உதவி மையத்துக்குப் போய்க் கட்டணம் கட்ட வேண்டும், சும்மா இருந்தால் அந்த இடமும் ரத்தாகும்.

பெற்றோர் தெரிந்திருக்க வேண்டிய முடிச்சு இங்கே இருக்கிறது. மேலே நகர்த்திவிட்டால் பழைய இடம் அந்த நொடியே வேறொருவருக்குப் போய்விடும். “கோவை வேண்டாம் சார், திண்டுக்கல்லே போதும்” என்று திரும்ப முடியாது. அவளுடைய அப்பாவுக்கு ஹாஸ்டலில் விட மனம் இல்லை என்றால், கோவை மூன்றாவதுக்கு மேலே இருக்கவே கூடாது. ஒன்று கீழே இறக்குங்கள், இல்லை எடுத்துவிடுங்கள். மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வரலாம் என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டால் அது மேலே இருக்கட்டும். வரிசையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாளைக்கே இங்கே போய்ச் சேருவோமா? ஆம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சு தளம் திறக்கும் முன்பே வீட்டில் நடந்துவிட வேண்டும். வெபினாரில் ஒரு தாளில் வரிசை எழுதச் சொல்வோம், அப்பா ஒரு தாள், பொண்ணு ஒரு தாள், தனித்தனியாக. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சண்டை அங்கேயே வந்துவிடும், வரட்டும், அதற்குத்தான் அது.

போன வருடக் கட்-ஆஃபை வைத்து முடிவு செய்யலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். மார்க்கை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். வினாத்தாள் எளிதாக இருந்த வருடத்தில் எல்லோர் மார்க்கும் ஏறும், அதே 174-க்குத் தரவரிசை பல ஆயிரம் இடம் கீழே போய்விடும். தரவரிசைப் பட்டியல் வந்ததும் பொண்ணின் வரிசை எண்ணை எடுத்துக்கொண்டு, போன வருடம் அந்தக் கல்லூரி, அந்தப் பிரிவு, உங்கள் வகுப்பில் எந்த வரிசை எண்ணில் முடிந்தது என்று ஒப்பிடுங்கள். இரண்டுமே கவுன்சிலிங் நடத்துகிறவர்கள் வெளியிடுவதுதான். ஒப்பிடும்போது கல்லூரியின் பெயரைவிட நான்கு இலக்கக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன, ‘இன்ஜினியரிங் காலேஜ்’ என்றும் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி’ என்றும் முடிவது மட்டும் வேறாக, ஒரே வளாகத்திலேயே இரண்டு இருக்கும். எண்ணை மாற்றிப் போட்டால் வேறு கல்லூரி.

உங்கள் பொண்ணு அரசுப் பள்ளி என்றீர்கள். இதை நான் உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்: ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியா? ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினியரிங்கில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2021-இலிருந்து இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது, இது பலருக்குத் தெரியாமல் கடைசியில் ஏமாற்றம். ஆறு முதல் எட்டு வரை தனியார் பள்ளியில் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி என்றால் தகுதி உண்டு. எந்த வகுப்பு எந்தப் பள்ளி என்று ஒரு தாளில் எழுதி, தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்குவதை இப்போதே தொடங்குங்கள். பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் நடக்க வேண்டியிருக்கும்.

இதனால் என்ன மாறும்? இந்த ஒதுக்கீட்டில் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான், அதனால் ஒரே கல்லூரி இங்கே பெரும்பாலும் குறைந்த கட்-ஆஃபில் முடியும். மேலே போட்ட கணக்கில் பொதுவில் எட்டாத மதுரை, இந்த வழியில் 174-க்குக் கிடைத்துவிடலாம். இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. பொதுப் பிரிவிலும் கலந்துகொள்ளலாம், ஆனால் பொதுவில் கிடைத்த இடத்தில் சேர்ந்தால் அந்தக் கட்டணச் சலுகை கிடையாது. “பொதுவிலேயே கிடைத்துவிட்டது, பெருமையாக இருக்கிறது” என்று அதில் சேர்ந்துவிட்டு முதல் வருடக் கட்டண ரசீதைப் பார்த்த பிறகு கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. விண்ணப்பத்தில் இந்த ஒதுக்கீட்டுக்கான இடத்தில் ‘ஆம்’ என்று போட்டிருக்கிறதா என்று சமர்ப்பிக்கும் முன் நீங்களே ஒருமுறை திரையில் பாருங்கள், நெட் சென்டரில் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டில் இதுவரை யாரும் பட்டம் படிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். ஒதுக்கீட்டில் கிடைக்காமல் பொதுப் பிரிவில் போக நேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை இதன் மூலம் வரும். பி.எஸ்சி.யே போதும் என்று முடிவெடுத்தாலும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். அதற்கு அவள் பெயரிலேயே கணக்கு இருக்க வேண்டும், ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். உங்கள் பெயரில் இருக்கும் கணக்கைக் கொடுத்தால் நிற்கும்.

படிவத்தின் பெட்டியில் பொண்ணு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எந்த வகைப் பள்ளியில் படித்தாள், ஹாஸ்டலுக்கு அனுப்புவீர்களா, பஸ் தூரம் எவ்வளவு வரை சம்மதம், இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பள்ளிப் பெயரோ மார்க்கோ வேண்டாம். பதிவு சனி இரவு 9 மணி வரை திறந்திருக்கும். அப்பா கடையில் இருந்தாலும் ரெக்கார்டிங்கைச் செவ்வாய் இரவு மூவருமாக உட்கார்ந்து பாருங்கள், தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.